வாழ்த்தில் வினை வைக்கலாமா?

தை பிறப்பதற்குள் கேள்விகள் பிறந்துவிட்டன. பொங்கலுக்கு யாரை எந்தத் தமிழில் வாழ்த்துவது என்பதில் இத்தனை பேருக்குக் குழப்பம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கரும்பு விலை பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கல்லூரி மாணவி, திருச்சி: பொங்கல் வாழ்த்துன்னா புத்தகத் தமிழ்லதான் எழுதணுமா? பேசுற மாதிரி எழுதினா மரியாதைக் குறைவா?

உங்கள் கேள்வியே பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. எனக்கு மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. உங்களுக்கு ஒரு எதிர்க்கேள்வி: "இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்பது புத்தகத் தமிழா, பேச்சுத் தமிழா?

இரண்டும் இல்லை. அதில் வினைச்சொல்லே கிடையாது. தமிழில் நடை பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் மாறுகிறது. "பொங்கல்" மேடையிலும் பொங்கல்தான், அடுப்படியிலும் பொங்கல்தான். "வருகிறார்கள்" என்பதுதான் வாசல் தாண்டியதும் "வர்றாங்க" ஆகிறது. "வீட்டில்" என்பது "வீட்ல" ஆகிறது, "உங்களுடைய" என்பது "உங்களோட" ஆகிறது. வினைமுற்றும் வேற்றுமை உருபும் இல்லாத வாழ்த்துக்கு வால் இல்லை. வால் இல்லாததால் அது எந்தப் பக்கமும் சாய்வதில்லை. "இனிய" என்று யாரும் வாயால் பேசுவதில்லையே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் வாழ்த்து அட்டைகள் அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ப் பழக்கிவிட்டன. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் அது இப்போது அந்நியமாகத் தெரிவதில்லை.

வில்லங்கம் இரண்டாவது வாக்கியத்தில் வருகிறது. அங்கே ஒரு வினை வந்தே தீரும். முதல் வினைக்கு எந்த வால் போடுகிறீர்களோ அதே வால்தான் கடைசி வரைக்கும். "தங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்க வாழ்த்துகிறேன். சாயங்காலம் மறக்காம வந்துடுங்க" என்று எழுதினால், முதல் வாக்கியத்தை நீங்களும் இரண்டாவதைப் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதியதுபோல் இருக்கும். வாழ்த்தில் வினையை வைப்பதானால் பார்த்து வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற மருமகள், கரூர்: என் மாமியார் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வாழ்த்து அனுப்பினால் பிழை திருத்தித் திருப்பி அனுப்புகிறார். என்ன செய்ய?

மதிப்பெண் போடாதவரைக்கும் சந்தோஷப்படுங்கள்.

புத்தகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அதன் சோதனைச் சாவடிகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். "தைப்பொங்கல்" என்பதில் "ப்" வேண்டும். "மாட்டுப் பொங்கல்" என்பதிலும் வேண்டும். "காணும் பொங்கல்" என்பதில் கூடாது. "பொங்கலுக்குக் கரும்பு வாங்கினோம்" என்பதில் "க்" இல்லாவிட்டால் சிவப்பு மை நிச்சயம். பேச்சுத் தமிழில் எழுதினால் இந்தச் சாவடியில் வண்டியை நிறுத்த மாட்டார்கள். ஆனால் ஓர் ஆசிரியைக்குப் பேச்சுத் தமிழில் எழுதினால், சாவடிக்குப் பயந்து சுற்றுவழியில் போனது அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படி அனுப்பிப் பாருங்கள்: "அத்தை, தைப்பொங்கல் வாழ்த்துகள். இங்கே சர்க்கரைப் பொங்கல் உங்கள் பக்குவத்தில் வைத்தேன். நெய் மட்டும் என் கணக்கு." கூப்பிடும் சொல் வீட்டுச் சொல்லாக இருக்கிறது. வினை எழுத்து வழக்கில் இருக்கிறது. நெய் விஷயத்தில் திருத்தம் வந்தால், அதை மாமியாராகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு: துணி அனுப்பும் பெரியவர், கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், வாடிக்கையாளர்கள் என மூன்று தரப்புக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பிவந்தேன். போன வருஷம் கடைப் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. மூன்றாகப் பிரித்து எழுத வேண்டுமா?

துணியை ஆளுக்கு ஆள் அளந்து கிழிக்கிற நீங்கள் வாழ்த்தை மட்டும் ஒரே அளவில் கிழித்திருக்கிறீர்கள். பிரித்தே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெரியவர். எழுபது வயது, தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் புத்தகத் தமிழ்தான். அந்த நடையில் வாழ்த்துவதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: வியங்கோள். வாழ்க, பொங்குக, பெருகுக என்று "க"வில் முடிகிற வகை. பேச்சில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. கட்சிக் கூட்டத்து "வாழ்க"விலும் "ஒழிக"விலும் மட்டும் உயிரோடிருக்கிறது. அதனால் வாழ்த்தில் ஒன்று போட்டால் கம்பீரமாக இருக்கும், இரண்டு வரைக்கும் தாங்கும், மூன்றாவது வந்தால் மைக் பிடித்த மாதிரி ஆகிவிடும். "பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள். நலமும் வளமும் பெருகுக. என்றும் தங்கள் அன்பை நாடும்..." என்று எழுதிக் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். ஒரே எச்சரிக்கை: "தங்கள்" என்று தொடங்கினால் நடுவில் "உங்கள்" வரக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். முதல் வரியில் தாங்கள், மூன்றாம் வரியில் நீங்கள் என்றால், நடுவில் ஏதோ மனஸ்தாபம் வந்ததுபோல் படிக்கப்படும்.

அடுத்து கடைப் பிள்ளைகள். "தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும்" என்று முதலாளியிடமிருந்து வந்தால் அவர்கள் என்ன பதில் போடுவார்கள்? அந்த நடையில் பதில் எழுத அவர்களுக்குக் கை வராது. பேச்சு நடையில் பதில் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயம். பேசாமல் இருந்துவிட்டார்கள். குறை அவர்களிடம் இல்லை.

இவர்களுக்குப் பேச்சுத் தமிழில் எழுதச் சொன்னால், பலர் அந்தப் பழைய வாழ்த்தையே வாலை மட்டும் மாற்றி, "உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் என்னோட பொங்கல் வாழ்த்துகளைத் தெரிவிச்சுக்குறேன்" என்று எழுதுவார்கள். இது பேச்சே இல்லை; ஒலிபெருக்கி. நேரில் பார்க்கும்போது நாம் அப்படியா வாழ்த்துகிறோம்? பேச்சுத் தமிழில் வாழ்த்து பெரும்பாலும் கேள்வியாகத்தான் வரும். "பால் பொங்குச்சா?", "பொங்கல் வச்சாச்சா?", "ஊர்ல எல்லாரும் வந்துட்டாங்களா?" கேள்வி கேட்டால் போதும், வாழ்த்து அதற்குள்ளேயே இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் என்பதால் பதிலும் வரும்.

நீங்கள் ஈரோட்டுக்காரர். கடையில் வேலை பார்க்கும் சின்னப் பையனிடமும் "ங்க" போட்டுப் பேசுகிற ஊர். அதை எழுத்திலும் விடாதீர்கள்: "பொங்கல் வச்சாச்சுங்களா? அப்பா அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க. மூணு நாளும் நல்லாச் சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு வாங்க. கடை எங்கயும் ஓடிராது." இதில் "வாழ்த்து" என்ற சொல்லே இல்லை. குறையாகத் தோன்றினால் தலைப்பில் "பொங்கல் வாழ்த்து" என்று போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கணக்குப்பிள்ளை வேறு ஊர்க்காரராக இருந்து, உங்களுக்காக அவர் எழுதுவதாக இருந்தால், இந்தக் கொங்கு வாலை அவர் ஒட்ட வேண்டாம். சொந்த வாய்ப்பேச்சில் வந்தால் பாசம். இரவல் வாங்கினால் நையாண்டி.

கடைசியாக வாடிக்கையாளர்கள். ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அவர்களில் அந்தப் பெரியவரும் உண்டு, கடைப் பிள்ளையின் தங்கச்சியும் உண்டு. யார் படிப்பார்கள் என்று தெரியாதபோது, திருச்சி மாணவிக்குச் சொன்ன வழிதான்: வினைமுற்றைத் தவிருங்கள். "பொங்கலுக்கு நம் கடையில் புத்தாடை எடுத்த அனைவருக்கும் நன்றி. இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்." தள்ளுபடியைப் பற்றி ஒரு வரி சேர்க்கத்தான் செய்வீர்கள், தெரியும். அங்கே மட்டும் "வாருங்கள்" வேண்டாம், "வாங்க" என்றே போடுங்கள். கடைவாசலில் நின்று கூப்பிடுகிற குரல் அது. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜவுளிக்கடைக்காரருக்குத் தமிழ் கொடுத்த வரம் அந்தச் சொல்: வரச் சொல்வதும் அதுவே, வாங்கச் சொல்வதும் அதுவே.

மென்பொருள் ஊழியர், சென்னை: ஆபீஸ் குரூப்ல "ஹேப்பி பொங்கல்"னு போட்டா ஒருத்தர் தமிழ்ப்பற்று இல்லைங்கிறார். "இனிய பொங்கல் திருநாள் நல்வாழ்த்துகள்"னு போட்டா இன்னொருத்தர் "என்ன ப்ரோ, எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா"ங்கிறார்.

நின்றால் சொல்லுங்கள், வேறு மாதிரி வாழ்த்து எழுத வேண்டியிருக்கும்.

ஆங்கிலம் கலந்த தமிழுக்கு இலக்கணம் கிடையாது என்று நினைக்கிறார்கள். கறாரான இலக்கணம் உண்டு. ஆங்கில வினை ஒன்று தமிழுக்குள் வரும்போது தனியாக வராது, "பண்ணு" என்ற துணையோடுதான் வரும்: என்ஜாய் பண்ணு, மிஸ் பண்ணு, ஃபார்வேர்ட் பண்ணு. அந்தப் "பண்ணு"வுக்குப் பேச்சு வால்தான் ஒட்டும். "பொங்கலை என்ஜாய் பண்ணுங்க" என்று எழுதினால் வாக்கியம் தடுக்காமல் ஓடுகிறது. "பொங்கலை என்ஜாய் பண்ணுங்கள்" என்றால் கோட்டுக்குக் கீழே லுங்கி. "பண்ணு"வை மாற்றி "என்ஜாய் செய்யுங்கள்" என்றாலும் முழுசாகச் சரியாகாது. அது தொலைக்காட்சி அறிவிப்பாளர்களின் தமிழ், வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆக, ஆங்கிலம் கலப்பதென்று முடிவெடுத்தால் பேச்சு வாலையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும். புத்தகத் தமிழும் ஆங்கிலக் கலப்பும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்.

இன்னொன்று: எல்லா ஆங்கிலச் சொல்லும் கலப்பு அல்ல. லீவு, பஸ், டிக்கெட் எல்லாம் பேச்சுத் தமிழில் குடியுரிமை வாங்கிவிட்டவை. "லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டால் கிராமத்துப் பாட்டிக்கும் அது தமிழ்தான். அதே பாட்டியிடம் "விடுப்பு" என்றால் என்ன விடுப்பு, யார் விட்டது என்பார். கலப்பாகக் காதில் விழுவது "செலிப்ரேஷன்", "வைப்ஸ்", "ஃபெஸ்டிவ் சீசன்" போன்ற சொற்கள்தான். உங்கள் குழுவில் அவற்றைத் தினமும் பேசுகிறார்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

உங்களுக்கு ஒன்று எழுதித் தருகிறேன்: "ஹேப்பி பொங்கல் மக்களே! ஊருக்குப் போனவங்க வரும்போது கரும்போட வாங்க. போகாதவங்க அவங்க ஸ்டேட்டஸைப் பார்த்துப் பொறாமைப்படாதீங்க. லாக்-இன் பண்ணாம மூணு நாள் இருந்து காட்டுங்க பார்ப்போம்." தமிழ்ப்பற்று கேட்டவரை எண்ணச் சொல்லுங்கள். இதில் ஆங்கிலம் விரல்விட்டு எண்ணும் அளவுதான், வால் ஒவ்வொன்றும் தமிழ். குழுவில் தமிழ் தெரியாத இருவர் இருந்தால் மட்டும் இந்தச் சர்க்கஸ் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று தனித்தனியாகப் போட்டுவிடுங்கள்.

நடை சரியாகப் பிடித்ததா என்று தெரிந்துகொள்ளப் பதிலைப் பாருங்கள். நீங்கள் "ஹேப்பி பொங்கல் சார்" என்று அனுப்பி, மேலாளர் "தங்கள் வாழ்த்துக்கு நன்றி" என்று அனுப்பினால், நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த வருஷம் அவருக்கு "இனிய பொங்கல் வாழ்த்துகள் சார்." நீங்கள் "நல்வாழ்த்துகள்" அனுப்பி "தேங்க்ஸ்பா, வீட்ல சொன்னேன்னு சொல்லு" என்று வந்தால், நீங்கள் நின்றுகொண்டு பேசுகிறீர்கள், அவர் உட்காரச் சொல்கிறார்.

மருந்துக்கடைக்காரர், விழுப்புரம்: மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுப்பவர், தமிழில் வாழ்த்து அனுப்ப இரட்டைக் காசு கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. இதில் அவருக்குப் பங்கு கிடையாது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். தமிழ் என்றால் 70தான். எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்கு. அப்போது ஒவ்வொன்றிலும் 67தான் கொள்ளும். அந்த எழுபதையும் நம் கண் எண்ணுகிற மாதிரி கருவி எண்ணாது. "வாழ்த்துகள்" என்பது நமக்கு ஆறு எழுத்து. கருவிக்குப் பதினொன்று, ஏனென்றால் அது புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது.

"உங்களுக்கும் குடும்பத்தார்க்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று எழுதினால், இடைவெளிகளையும் சேர்த்து 60 ஆகிவிடுகிறது. மிச்சமிருக்கும் பத்தில் கடைப் பெயர் அடங்காது. "உங்க வீட்ல எல்லாருக்கும்" என்று தொடங்கினால் எட்டு மிச்சமாகும். பேச்சுத் தமிழுக்குக் குட்டை வால், புத்தகத் தமிழுக்கு நீள வால். குறுஞ்செய்தியில் வாலுக்கும் காசு. ஆனால் "உங்க வீட்ல" என்று தொடங்கிவிட்டு "நல்வாழ்த்துகள்" என்று முடிப்பது அவ்வளவு பொருந்தாது. "பொங்கல் வாழ்த்து" என்று முடியுங்கள். இன்னும் சில எழுத்து மிச்சமாகி, கடைப் பெயருக்கு இடம் கிடைக்கும்.

சிக்கனம் என்று ஆங்கில வாழ்த்தின் கடைசியில் ஆசைக்கு "நன்றி" என்று தமிழில் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் எழுபது கணக்குக்குப் போய்விடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிற பழக்கம் பரவியதற்கு இந்தக் காசும் ஒரு காரணம். தமிழ் விசை இல்லாத பழைய கைபேசிகள் இன்னொரு காரணம். வாட்ஸ்அப்பில் இரண்டும் இல்லை. அங்கேயும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, பழக்கம். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாத்திரைச் சீட்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்பவர்கள் என்றால், இரட்டைக் காசு கொடுத்தாவது தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள்.

ப்ளெக்ஸ் அடிப்பவர், மதுரை: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? தினமும் ஒருவர் சண்டைக்கு வருகிறார்.

"வாழ்த்துகள்" என்றே அடியுங்கள். சண்டைக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்சி. மிச்சம் இருப்பவர்கள் வந்தால் "நல்வாழ்த்து" என்று ஒருமையில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். ஃப்ரேம் செலவு ஒன்றுதான்.

அவரே மறுபடியும்: கல்யாண ப்ளெக்ஸில் குடும்பத்தார் கொடுப்பது செந்தமிழ், நண்பர்கள் கொடுப்பது லோக்கல் தமிழ். ஒரே தெருவில் ரெண்டும் நிற்கலாமா?

தாராளமாக. கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். மேலே "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்" என்று பெரியவர்கள் கைகூப்பி நிற்பார்கள். கீழே அடிவாரத்தில் "எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துடுங்க" என்று வாண்டுகள் பெயர் போட்டிருக்கும். ஒரே காகிதம், இரண்டு தமிழ். யாருக்கும் உறுத்துவதில்லை, ஏனென்றால் பேசுகிற ஆள் மாறுகிறார் என்பது பெயரிலேயே தெரிகிறது. உங்கள் ப்ளெக்ஸும் அப்படித்தான். நண்பர்கள் பெயர் போட்டு "மாட்டிக்கிட்டான் மாப்ள" என்று அடிக்கலாம். அதன் அடியில் "இவண், தாய்மாமன்கள்" என்று வந்தால்தான் வம்பு. அடிப்பதற்கு முன் கீழே யார் பெயர் வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தந்தி அலுவலர், கும்பகோணம்: எங்கள் காலத்தில் வாழ்த்து என்றால் நல்ல தமிழ்தான். இப்போதுதான் கலப்படம். ஒப்புக்கொள்கிறீர்களா?

உங்கள் அனுபவத்துக்கு வணக்கம், கருத்துக்கு இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதக் கட்டு இருந்தால் இறக்கிப் பாருங்கள். "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று தொடங்கும். கல்யாணத்துக்கு "விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை" வந்திருக்கும். கலப்பு அப்போதும் உண்டு. கலந்தது ஆங்கிலம் அல்ல, வடமொழி. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது அவர் களையப் பார்த்தது அதைத்தான். வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். பின்னால் அண்ணா ஆட்சியில் "ஸ்ரீ" போய் "திரு" வந்தது. ஆக, நீங்கள் "நல்ல தமிழ்" என்று நினைக்கிற "திருமண அழைப்பிதழ்" நடை, ஒரு போராட்டத்துக்குப் பிறகு பழகிக்கொண்ட நடை. முகூர்த்தம் மட்டும் இன்னும் பல பத்திரிகைகளில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், வாழ்த்துத் தந்தியைப் பற்றி உங்களிடமே சொல்ல எனக்குக் கூச்சம். ஆயத்த வாசகங்களுக்கு எண் இருந்தது. வாசகத்தை எழுத வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். மாமனுக்கும் அதே வாசகம், மந்திரிக்கும் அதே வாசகம். எந்தத் தமிழ் என்ற கேள்வியே எழவில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. எண் போட்டு வாழ்த்தும் வழக்கம் நிற்கவில்லை; இப்போது அதற்குப் பெயர் ஃபார்வேர்ட்.

இல்லத்தரசி, கோயம்புத்தூர்: மகனுக்குப் பெண் எடுத்த இடம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், இப்போது டொரன்டோவில் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கு முதல் பொங்கல் வாழ்த்து. அவர்கள் மாதிரியே "வாங்கோ, சொல்லுங்கோ" என்று எழுதினால் சந்தோஷப்படுவார்களா?

எழுதாதீர்கள். ஈரோட்டுக் கணக்குப்பிள்ளைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். அதற்கு மேல், பேச்சுத் தமிழுக்கு ஊர் உண்டு. நீங்கள் "வாங்க" என்று எழுதினால் அவர்களுக்குப் புரியும். சினிமா அந்த வேலையைச் செய்துவைத்திருக்கிறது. ஆனால் அது உங்கள் வீட்டுத் தமிழாகத்தான் அவர்கள் காதில் விழும். எழுத்துத் தமிழுக்குத்தான் ஊர் இல்லை. கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் "வாழ்த்துகிறோம்" ஒன்றுதான். முதல் வாழ்த்துக்கு அந்தப் பொது முற்றம்தான் நல்லது. அலங்காரம் இல்லாத எழுத்துத் தமிழ், "தங்கள்" இல்லாமல் "உங்கள்": "உங்கள் எல்லோருக்கும் எங்கள் தைப்பொங்கல் வாழ்த்துகள். இந்த வருடம் இரண்டு வீட்டுப் பொங்கலும் நம் பொங்கல். பிள்ளைகளை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்." நாம் "பொங்கல்" என்று விட்டுவிடுவதை அவர்கள் பெரும்பாலும் "தைப்பொங்கல்" என்றே சொல்வார்கள், அதை மட்டும் கவனித்துப் போட்டிருக்கிறேன். அது இரு வீட்டுக்கும் சொந்தமான சொல், இரவல் இல்லை.

டொரன்டோவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு வழி. அங்கே பிறந்து வளர்ந்த பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. எழுத்தில் எந்த நடையைப் போட்டாலும் அவர்களுக்கு அது படம்தான். குரல் பதிவாக அனுப்புங்கள், அதுவும் நீங்கள் வீட்டில் பேசுகிற கோவைத் தமிழிலேயே: "கண்ணு, அத்தை பேசறேன். அங்க குளிருக்குப் பால் பொங்குச்சா?" செய்தி வாசிக்கிற மாதிரி "பொங்கல் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று பதிவு செய்தால், அவர்கள் அதைத் தங்கள் அம்மாவிடம் கொடுத்து அர்த்தம் கேட்பார்கள்.

பேராசிரியர், தஞ்சாவூர்: செந்தமிழில் எழுதினால் யாருக்கும் புரிவதில்லை என்பது சோம்பேறிகளின் சாக்கு அல்லவா?

பாதி சாக்கு. உங்கள் மாணவர்களுக்கு வெண்பாவிலேயே வாழ்த்துங்கள். பிரித்துப் படிக்கத் தெரியும், மதிப்பெண் பயமும் உண்டு. பால்காரருக்கு வேண்டாம்.

பெயர், ஊர் எதுவும் எழுதாதவர்: காதலிக்குப் பொங்கல் வாழ்த்து எந்தத் தமிழில் அனுப்புவது?

அவர் கடைசியாக உங்களுக்கு அனுப்பிய செய்தி எந்தத் தமிழில் இருந்ததோ அதில். "நீ" என்று பேசிக்கொண்டிருப்பவரிடம் பண்டிகைக்காகத் திடீரென்று "தங்களுக்கு" என்று மாறாதீர்கள். நெருங்கியவர்களுக்குள் செந்தமிழ் வந்தால் அது மரியாதையாகப் படாது; கோபம், இல்லாவிட்டால் கிண்டல் என்றுதான் படும். வீட்டில் அம்மா அப்பாவிடம் "தாங்கள் உணவருந்த வருகிறீர்களா?" என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய கடைசிச் செய்தி "ம்" என்று மட்டும் இருந்தால், பொங்கலுக்கு முன்னால் வேறு ஏதோ பொங்கியிருக்கிறது. வாழ்த்தை நிறுத்திவிட்டுப் போன் போடுங்கள்.